திட்ட விலக்கமும் பீட்டாவும் காட்டாத ரிஸ்க்: கேள்வி பதில்

கே: என் ஃபண்டின் திட்ட விலக்கம் 15. அப்படியென்றால் எவ்வளவு மோசமானாலும் நஷ்டம் 15 சதவீதத்தைத் தாண்டாது, சரிதானே?

இல்லைங்க, தாண்டும். வருமானம் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்பதுதான் திட்ட விலக்கம். சராசரி வருமானம் 12 என்றால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஆண்டுகள் −3க்கும் 27க்கும் நடுவில் இருக்கும் என்பதுதான் அதன் பொருள். மீதி ஆண்டுகளில் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அது சொல்வதில்லை. 2008இல் நிஃப்டி ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் விழுந்தது. திட்ட விலக்கத்தை 20 என்று தாராளமாக வைத்தாலும், பெரும்பாலான ஆண்டுகள் சராசரியை ஒட்டியே இருக்கும் என்று கொள்ளும் மணி வடிவ வளைவின் கணக்குப்படி அப்படியோர் ஆண்டு ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறைகூட வரக்கூடாது.

கே: நான் வைத்திருக்கும் பங்கின் பீட்டா 0.5. நிஃப்டியில் இருக்கும் ரிஸ்க்கில் பாதிதான் இதில், அதனால் கூடுதலாக வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

சந்தை ஒரு சதவீதம் அசைந்தால் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் அசைகிறது என்பதுதான் பீட்டா. அதனால் சந்தையோடு சேர்ந்து ஆடும் பகுதிக்கு மட்டும் நீங்கள் சொல்வது சரி. பங்கின் திட்ட விலக்கத்தை நிஃப்டியின் திட்ட விலக்கத்தால் வகுத்து, இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண்ணால் பெருக்கினால் பீட்டா வரும். பங்குக்கு 40, நிஃப்டிக்கு 16, ஒட்டுறவு 0.2 என்று வைத்துப் பாருங்கள்: 2.5 × 0.2 = 0.5. நிஃப்டியைவிட இரண்டரை மடங்கு ஆடும் பங்குக்கும் இதே பீட்டாதான். பீட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்-ஸ்கொயரையும் பாருங்கள். இங்கே அது 0.04, அதாவது பங்கின் ஆட்டத்தில் 96 சதவீதத்துக்குச் சந்தை காரணமே இல்லை. அந்த ஒரே பங்கில் பணத்தைக் குவித்தால் அந்த 96 முழுக்க உங்கள் தலையில்தான்.

கே: அப்பாவின் ஓய்வூதியப் பணம் ஒரு கடன் ஃபண்டில் இருக்கிறது. திட்ட விலக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். நிம்மதியாக விட்டுவிடலாமா?

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். தரம் குறைந்த பல கடன் பத்திரங்கள் தினமும் கைமாறுவதில்லை. விலை பெரும்பாலும் மதிப்பீடுதான், அதன் மேல் வட்டி மட்டும் சீராக ஏறும். மாதம் 0.75 என்று 36 மாதம் ஏறினால் திட்ட விலக்கம் பூஜ்யம். அதில் ஒரு மாதம் மட்டும், கடன் வாங்கிய நிறுவனம் தவறியதால் −5 ஆனால், ஆண்டுக் கணக்கில் அது 3.3 ஆகிவிடும். அடி விழுந்த பிறகுதான் எண் ஏறுகிறது. 36 மாதம் கழித்து அந்த மாதம் கணக்கிலிருந்து நழுவியதும், ஃபண்ட் மாறாமலே மறுபடி பூஜ்யம்!

2020 ஏப்ரல் 23இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியாவில் ஆறு கடன் திட்டங்களை மூடியது. பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் கூடினார்கள், பத்திரங்களை வாங்க ஆளில்லை. பணம் பிற்பாடு தவணை தவணையாக வந்தது. ஆனால் கேட்ட நாளில் கிடைக்காத ரிஸ்க் எந்தத் திட்ட விலக்கத்திலும் இல்லை. அப்பாவின் ஃபண்ட் மாதாமாதம் வெளியிடும் பத்திரப் பட்டியலில், கடன் தர மதிப்பீட்டில் ஏஏ தரத்துக்குக் கீழே எவ்வளவு, ஒரே குழுமத்துக்கு எவ்வளவு, ஃபண்டின் மொத்தத் தொகை தொடர்ந்து கரைகிறதா என்று பாருங்கள்.

கே: ஒரே பங்குக்கு ஒரு தளத்தில் பீட்டா 0.7, இன்னொன்றில் 1.2. எதை நம்புவது?

இரண்டும் சரியான கணக்காகவே இருக்கலாம். ஒன்று தினசரி விலையில் ஓராண்டு, மற்றது மாத விலையில் ஐந்தாண்டு எடுத்திருக்கும். அதிகம் கைமாறாத பங்கு சந்தையின் அசைவை ஓரிரு நாள் தாமதமாகத்தான் காட்டும் என்பதால், தினசரி பீட்டா குறைத்துக் காட்டும். அத்தகைய பங்குக்கு நான் மாதக் கணக்கையே எடுப்பேன். ஆனால் ஐந்தாண்டில் கம்பெனியின் கடனும் தொழிலும் மாறியிருந்தால் அதுவும் பழைய கம்பெனியின் பீட்டாதான். எந்தக் காலம் சரி என்பதில் துறையிலேயே ஒத்த கருத்து கிடையாது.