கேமில் செத்தால் எதை இழக்கிறோம், எப்போது இழக்கிறோம்

கேள்வி: டார்க் சோல்ஸில் செத்தால் சேர்த்த சோல்ஸ் எல்லாம் கீழே விழுகிறது. மைன்கிராஃப்டில் பொருளெல்லாம் சிதறிப்போகிறது. டயாப்லோ 2-வில் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, குறைகிறது. உண்மையில் இதில் எது மோசமான தண்டனை?

மூன்றிலும் நிறையச் செத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், எனக்கு அதிகம் வலித்தது டயாப்லோதான். ஆனால் திரையில் தெரியும் இழப்பை வைத்து இதைச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் டயாப்லோவின் தண்டனைதான் மூன்றிலும் சின்னது. விழுந்ததை திரும்ப எடுக்க வழி உண்டா, அந்த வழி எப்போது அடைபடுகிறது, அடைபட்ட பிறகு அதே அளவைச் சேர்க்க எத்தனை மணி நேரம் ஆகும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

டார்க் சோல்ஸில் செத்தால் கையில் இருக்கும் மொத்த சோல்ஸும் செத்த இடத்தில் பச்சையாக மினுங்கும் ஒரு ரத்தக் கறையாகக் கிடக்கும். லெவல் ஏற்றவும் கடையில் வாங்கவும் அந்த சோல்ஸ்தான் காசு. அதை எடுக்க அவசரமே இல்லை. கேமை மூடிவிட்டு அடுத்த மாதம் வந்தாலும் கறை அங்கேயே இருக்கும். ஒரே நிபந்தனை, அதைத் தொடுவதற்கு முன் இன்னொரு முறை சாகக் கூடாது. செத்தால் பழைய கறை மறைந்து, புதிதாகச் செத்த இடத்தில் புதுக் கறை வரும். அதில் வழியில் சேர்த்த சில்லறை மட்டும் இருக்கும்.

ஆக, முதல் சாவு ஒரு கடன் மாதிரி. தண்டனை வருவது இரண்டாவது சாவில்தான். பிளைட்டவுன் என்று மரப்பலகைகளைக் கட்டித் தொங்கவிட்ட ஒரு இடம் உண்டு. அங்கே இருபதாயிரத்துச் சொச்சம் சோல்ஸோடு ஏணியிலிருந்து தவறி விழுந்தேன். விளிம்பை ஒட்டித்தான் கறை கிடந்தது, மெதுவாக நடந்தால் எடுத்துவிடலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. ஓடினேன், வழியில் விஷ ஊசி ஊதுகிறவனிடம் அடி வாங்கி, கறைக்குப் பத்தடி முன்னாலேயே செத்தேன். முதல் தடவை அதே வழியில் நிதானமாக வந்தவன் நான். கறை கிடக்கிறது என்ற பதற்றம்தான் இரண்டாவது சாவைக் கொண்டுவந்தது. இந்த விதியின் சூட்சுமமே அதுதான் என்று நினைக்கிறேன்.

இதிலிருந்து தப்ப கேமிலேயே வழி வைத்திருக்கிறார்கள். பிணங்களிலிருந்து எடுக்கும் சோல் பொருட்களை உடைத்தால்தான் அவை சோல்ஸ் ஆகும். உடைக்காமல் பையில் வைத்திருந்தால் செத்தாலும் போகாது. பழைய ஆட்டக்காரர்கள் லெவல் ஏற்றும்போது குறைகிற தொகைக்கு மட்டும் எண்ணி உடைப்பார்கள். பாஸ் கதவுக்கு முன் கையில் பெரிய தொகை இருந்தால், திரும்பிப் போய்ச் செலவழித்துவிட்டு வருவதே மேல். கையில் பூஜ்யம் இருப்பவனுக்கு அந்தக் கேமில் சாவு என்பது நடந்த தூரத்தை மறுபடி நடப்பது, அவ்வளவுதான்.

ஹாலோ நைட் இதே விதியை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கியது. அங்கே கறைக்குப் பதில் உங்கள் நிழல் நிற்கும், அதை அடித்துக் கொன்றால்தான் காசு திரும்பும். அது உங்களைத் திருப்பி அடிக்கும், நீங்கள் கற்ற மந்திரத்தையும் வீசும். அதுவரை உங்கள் ஆன்மப் பாத்திரமும் உடைந்திருக்கும். 99 கொள்ளும் பாத்திரத்தில் 66 தான் நிற்கும், ஒரு முறை காயம் ஆற்ற 33 வேண்டும். அதாவது மூன்று முறை ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு இரண்டே முறை. காசு கையில் இல்லாதவரையும் இது பிடிக்கும் என்பதால், டார்க் சோல்ஸில் சொன்ன பூஜ்யக் கையிருப்பு உத்தி இங்கே பாதிதான் பலிக்கும். (அந்தக் கேமில் ஒரு வங்கியும் உண்டு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.)

மைன்கிராஃப்டில் கதையே வேறு. இரண்டாவது முறை செத்தாலும் முதல் குவியலுக்கு ஒன்றும் ஆகாது, பத்து முறை செத்தால் பத்துக் குவியல். வழியை அடைப்பது கடிகாரம். கீழே விழுந்த பொருள் 5 நிமிடத்தில் மறைந்துவிடும். பலருக்குத் தெரியாத விஷயம், அந்த 5 நிமிடம் எப்போதும் ஓடுவதில்லை. அந்தப் பகுதி, அதாவது சங்க், லோடு ஆகி இயங்கும்போது மட்டும்தான் ஓடும். நீங்கள் தொலைவில் இருக்கும் படுக்கையில் எழுந்தால் அந்தச் சங்க் உறைந்துவிடும், கடிகாரமும் நின்றுவிடும். நிதானமாகச் சாப்பாடும் வாளும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பக்கத்தில் போன பிறகுதான் அவசரம். எரிகுழம்பில் விழுந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கே வேண்டாம், நெதரைட் என்ற உலோகத்தால் ஆனவை தவிர மற்றது எரிந்திருக்கும்.

பலர் சேர்ந்து ஆடும்போது இது தலைகீழாகும். சித்தப்பா பையனோடு ஒரே சர்வரில் ஆடியபோது ஆழத்துக் குகையில் செத்தேன். பொருள் எல்லாம் அடியில். அவசரமில்லை என்று நான் மெதுவாக வந்துகொண்டிருக்கிறேன். அவன் அதே இடத்துக்கு மேலே, தரையில், வீடு கட்டிக்கொண்டிருந்தான். சங்க் என்பது அடியிலிருந்து உச்சி வரை ஒரே தூண். மேலே அவன் நிற்க, கீழே என் வைரக் கோடரிக்குக் கடிகாரம் ஓடியது. போய்ப் பார்த்தால் வெறும் குகை. “நான் தொடவே இல்லண்ணா” என்று சத்தியம் செய்தான். உண்மைதான், தொடவில்லை. சண்டை முடிந்த பிறகுதான் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

அதே கேமில் எக்ஸ்பி இழப்பு, சதவீதமாகப் பார்த்தால் பயங்கரம். செத்தவர் லெவலை 7 ஆல் பெருக்கினால் வரும் புள்ளிகள் கீழே விழும், ஆனால் 100-க்கு மேல் விழாது. லெவல் 30 என்றால் நீங்கள் சேர்த்தது 1,395 புள்ளிகள். விழுவது 100. அத்தனையையும் பொறுக்கினாலும் லெவல் 7 தான். 93 சதவீதம் ஒரே நொடியில் போச்சு. ஆனாலும் யாரும் இதற்காக அழுது நான் பார்த்ததில்லை. காரணம், அரக்கர்களை வரவழைத்துக் கொன்று எக்ஸ்பி எடுக்கும் ஒரு பண்ணை கட்டி வைத்திருப்பவர் அந்த 30 லெவலை ஒரே உட்காரலில் திரும்ப எடுத்துவிடுவார்.

இப்போது டயாப்லோ 2. அதில் மூன்று கடின நிலைகள் உண்டு. முதலாவதான நார்மலில் எக்ஸ்பி போகாது. நைட்மேரில் 5 சதவீதம், ஹெல்லில் 10 சதவீதம். மொத்தத்தில் அல்ல, இந்த லெவலிலிருந்து அடுத்த லெவலுக்குத் தேவையான அளவில். பிணத்தைத் திரும்ப எடுத்தால் போனதில் முக்கால் பங்கு கிடைக்கும். ஆக ஹெல்லில் நிகர இழப்பு 2.5 சதவீதம். மைன்கிராஃப்டின் 93-க்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, இல்லையா?

ஆனால் லெவல் 90-க்கு மேல் ஒரு சதவீதம் என்பதே பெரிய உழைப்பு. என் 92-ஆம் லெவல் சூனியக்காரி வேர்ல்ட்ஸ்டோன் கோட்டையில் மின்னல் வீசும் ஆவிகளிடம் ஒரே நொடியில் செத்தாள். 10 சதவீதம் போனது. அணிந்திருந்த அத்தனையும் பிணத்தோடு அங்கே. வெறும் உடம்போடு திரும்பப் போனேன், அதே ஆவிகள் பிணத்தைச் சுற்றி நின்றன. இரண்டாவது 10 சதவீதம். இந்த இடத்தில் ஒரு பேரம் உண்டு. கேமை விட்டு வெளியேறி மீண்டும் நுழைந்தால் பிணம் ஊரிலேயே உங்கள் காலடியில் கிடக்கும். கவசம், ஆயுதம் பத்திரம். ஆனால் அந்த முக்கால் பங்கு எக்ஸ்பி கிடைக்காது. நான் வெளியேறினேன். 20 சதவீதத்துக்கு மனசார முழுக்குப் போட்டேன், பல மாலைகளின் உழைப்பு. மூன்றாவது முறை உள்ளே போயிருந்தால் 30 ஆகியிருக்கும் என்று இன்றும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு ஆறுதல், லெவல் கீழே இறங்காது. அதனால் லெவல் ஏறிய அடுத்த நிமிடம் செத்தால் எக்ஸ்பியில் இழக்க ஒன்றுமில்லை, எக்ஸ்பியைக் காட்டும் கோடு கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும்போதுதான் இழக்க நிறைய இருக்கிறது. ஆபத்தான வேலைகளை லெவல் ஏறிய கையோடு முடித்துவிட்டு, கோடு நிரம்ப நிரம்பப் பயந்து ஆடுவது இந்த வகைக் கேம்களில் பழைய பழக்கம். பாத் ஆஃப் எக்ஸைல் ஆடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. அந்த நாளில் அதில் செத்தால் எக்ஸ்பி போகும், லெவலே இறங்கவும் செய்யும். ஆயுதம், கவசம், பை எல்லாம் பிணத்தில். நீங்கள் எங்கோ தொலைவில் வெறும் ஆளாக எழுந்து, உங்களைக் கொன்றவை நிற்கும் இடத்துக்கே நடக்க வேண்டும். பிணம் அழுகி மறையவும் கடிகாரம் உண்டு. தனி ஆளால் ஆகாத வேலை. அதனால் அடுத்தவருக்கு அனுமதி கொடுத்து உங்கள் பிணத்தை இழுத்து வரச் சொல்லலாம், நெக்ரோமான்சர் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டு அதை வரவழைக்கலாம். உயர்ந்த லெவல் கிளெரிக் ஒருவர் உயிர்ப்பித்தால் போன எக்ஸ்பியில் 96 சதவீதம் வரை திரும்பும். நல்ல கிளெரிக்கோடு யாரும் சண்டை போட மாட்டார்கள் என்பது புரிகிறதல்லவா.

2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதிலிருந்து நடையை மட்டும் வைத்துக்கொண்டது. பொருள் உங்களிடமே இருக்கும், எக்ஸ்பி போகாது. ஆவியாக எந்த அரக்கனும் தொடாமல் பிணம் வரை ஓடலாம். அணிந்தவற்றின் உறுதியில் 10 சதவீதம் தேயும், அதைச் சரிசெய்யக் கொஞ்சம் தங்கம். ஓட அலுப்பாக இருந்தால் கல்லறையில் நிற்கும் தேவதையிடம் உயிர் வாங்கலாம். அப்போது பையில் இருப்பதும் சேர்ந்து 25 சதவீதம் தேயும், லெவல் 20-ஐத் தாண்டியவர் 10 நிமிடம் பலவீனமாகக் கிடப்பார். அந்த 10 நிமிடத்தில் நான் டீ போடப் போய்விடுவேன்.