மின்சாரம் போனபின் திறக்காத ஒலிப்பதிவு: காப்புக் கோப்பிலிருந்து மீட்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. மாரியம்மன் பொங்கலுக்காக நான்கு மைக் வைத்து ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். கோடை மழையில் மின்சாரம் போய்விட்டது, யூபிஎஸ்ஸும் கைவிட்டது. இப்போது ப்ராஜெக்ட் திறக்கவில்லை. பாடகர் குரல் இருக்கும் வேவ் கோப்பு 0 வினாடி என்று காட்டுகிறது. நாற்பது நிமிடம் பாடியது அவ்வளவும் போய்விட்டதா, ஐயா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் ரீப்பரை மறுபடி திறப்பதற்கு முன்னால், ப்ராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரை முழுவதுமாக வேறொரு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நகலெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ரீப்பர் முந்தைய கோப்பை `.rpp-bak` என்ற பெயருக்கு மாற்றிவிட்டுப் புதியதை எழுதும்படி அமைக்கப்பட்டிருந்தால், பழுதான நிலையில் ஒருமுறை சேமித்தாலே, நல்லதாக இருந்த காப்புக் கோப்பின் இடத்தைப் பழுதான கோப்பு பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கைச் சரிபார்க்கும் `chkdsk` கட்டளையையும் நகலெடுத்த பிறகே ஓட்டுங்கள்.

அடுத்து, ப்ராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். `.rpp` என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். நல்ல நிலையில் இருந்தால் முதல் வரி `<REAPER_PROJECT` என்று தொடங்கும், கடைசி வரியில் `>` என்ற குறி தனியாக நிற்கும். கடைசிக் குறி இல்லையென்றால் எழுதிக்கொண்டிருந்த பாதியில் அறுந்திருக்கிறது என்று பொருள். கோப்பின் அளவு சரியாக இருந்தும் உள்ளே எழுத்தே இல்லாமல் வெறும் இடைவெளியாகத் தெரிந்தால், விண்டோஸ் கோப்புக்கு இடம் ஒதுக்கிவிட்டு உள்ளடக்கத்தை எழுதுவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் அந்தக் கோப்பை விட்டுவிட்டு, அதே ஃபோல்டரில் இருக்கும் `.rpp-bak` கோப்புகளை இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். தேறியவற்றுள் கடைசியாக எழுதப்பட்டதை நகலெடுத்து, நகலின் பின்னொட்டை `.rpp` என்று மாற்றித் திறக்கலாம். காப்புக் கோப்பு வேறு ஃபோல்டரில் இருந்தால், முதலில் அதை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒலிக்கோப்புகளின் முகவரி அந்த இடத்தை வைத்தே எழுதப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து திறந்தால் கோப்புகளைக் காணோம் என்று ரீப்பர் கேட்டுக்கொண்டே இருக்கும்.

திறந்ததும் ட்ராக்குகள் மட்டும் இருந்து, பாடல்கள் இல்லாமல் இருக்கக்கூடும். அதைக் கண்டு பதற வேண்டாம். தானியங்கிச் சேமிப்பு `when not recording` என்ற தேர்வில் இருந்தால், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அது வேலை செய்யாது. எனவே உங்கள் காப்புக் கோப்புக்குத் தெரிந்தது நீங்கள் பதிவைத் தொடங்குவதற்கு முந்தைய நிலை மட்டுமே. ஒலியோ, பாடப் பாட நேரடியாக டிஸ்க்கில் தனி வேவ் கோப்புகளாக எழுதப்பட்டு வந்தது. நான்கு கோப்புகளும் ஒரே நொடியில் தொடங்கியவை என்பதால், நான்கையும் அதனதன் ட்ராக்கில் ஒரே புள்ளியில் இழுத்துப் போட்டால் பாட்டு மறுபடி சேர்ந்துவிடும். முடிவில் சற்று முன்பின்னாக நிற்பது இயல்புதான்.

இனி அந்த 0 வினாடிக் கோப்புக்கு வருவோம். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் ஒலி எத்தனை பைட் என்று எழுதும் ஓர் இடம் உண்டு. பதிவை நிறுத்தும்போதுதான் அந்த எண் முறையாக நிரப்பப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் அது பூஜ்யமாகவே நின்றுவிடலாம். ஆகவே ரீப்பர் காட்டும் நீளத்தை நம்பாமல், கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து `Properties` காட்டும் பைட் அளவைப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு வினாடிக்கு 48,000 × 3 = 1,44,000 பைட் ஆகும். அளவு ஏறத்தாழ 32,83,20,000 பைட் இருந்தால், அதை 1,44,000 ஆல் வகுக்க 2,280 வினாடி, அதாவது 38 நிமிடம் வருகிறது. அப்படியானால் பாட்டு உள்ளே இருக்கிறது, தலைப்பகுதி மட்டும் பொய் சொல்கிறது. அளவே சில கிலோபைட்தான் என்றால் அந்தக் கோப்பிலிருந்து எடுக்க எதுவும் இல்லை.

ஒலி எந்தப் பைட்டில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, இலவச ஹெக்ஸ் எடிட்டரான `HxD`யில் கோப்பின் நகலைத் திறந்து `data` என்ற நான்கெழுத்தைத் தேடுங்கள். அதன் முதல் எழுத்து நிற்கும் இடத்தோடு 8 கூட்டினால் ஒலி தொடங்கும் இடம் கிடைக்கும். 44 என்று பலரும் வாய்ப்பாடாகச் சொல்வது எளிய தலைப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். ரீப்பர் கூடுதல் தகவலும் எழுதினால் அது மாறிவிடும். `HxD` இடத்தைப் பதினாறடிமான எண்ணில் காட்டும் என்பதை மறக்காதீர்கள்: `2A8` என்று காட்டினால் அது 680, ஆக ஒலி தொடங்குவது 688இல்.

பிறகு ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் `File > Import > Raw Data` சென்று, `Signed 24-bit PCM`, `Little-endian`, `1 Channel (Mono)`, 48000 ஆகியவற்றோடு இந்தத் தொடக்க எண்ணையும் கொடுங்கள். கேட்பதற்கு முன் ஸ்பீக்கரைக் குறைத்துவிடுங்கள், இது முக்கியம்: ஒரு ஒலித்துளிக்கு மூன்று பைட் என்பதால், எண் ஒன்றோ இரண்டோ பிசகினால் பாட்டுக்குப் பதில் காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். அப்படி வந்தால் எண்ணை ஒன்றொன்றாகக் கூட்டி மறுபடி இறக்குமதி செய்யுங்கள், மூன்றுக்குள் சரியானது கிடைத்துவிடும். சரியாகக் கேட்டதும் 24 பிட் வேவாக, பழைய கோப்பின் பெயரிலேயே சேமித்து, பழுதான கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய `.reapeaks` கோப்பை அழித்துவிட்டால் ரீப்பர் அலைவடிவத்தைப் புதிதாக வரையும்.

கோப்பு திறந்து பாடுகிறது என்பதால் முழுதும் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. வேவ் கோப்பில் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் குறியீடு எதுவும் கிடையாது. நடுவில் ஒரு துண்டு பூஜ்யமாகிப் போனாலும் எந்த மென்பொருளும் பிழை என்று சொல்லாது. ஆனால் நமக்கு ஒரு சாதகம் உண்டு. மைக்கில் பதிந்த ஒலி ஒருபோதும் முழு பூஜ்யமாக இருக்காது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும் மின்விசிறியும் மைக்கின் சொந்த இரைச்சலும், பக்கத்தில் ஒலிக்கும் மிருதங்கமும் கொஞ்சமாவது இருக்கும். எனவே `ffmpeg` என்ற இலவசக் கட்டளைவரி மென்பொருளால் முழு மௌனத்தைத் தேடினால் போதும்:

```
ffmpeg -i kural.wav -af silencedetect=noise=-120dB:d=0.02 -f null -
```

விண்டோஸ் டிஸ்க்கில் இடம் வழக்கமாக 4,096 பைட் கொண்ட துண்டுகளாக ஒதுக்கப்படுகிறது. உங்கள் பதிவில் ஒரு துண்டு சுமார் 28 மில்லிவினாடி ஒலி. அதனால்தான் தேடும் அளவை 0.02 வினாடி என்று வைத்தேன். கட்டளை காட்டும் ஒவ்வொரு `silence_start` இடத்தையும் குறித்துக்கொண்டு, அங்கே மற்ற மூன்று ட்ராக்குகளையும் சேர்த்துக் கேளுங்கள். துண்டில் வேறு கோப்பின் மிச்சம் புகுந்திருந்தால் மௌனத்துக்குப் பதில் வெடிப்பொலி கேட்கும்; அது இந்தக் கட்டளைக்கு அகப்படாது, ஆனால் அலைவடிவத்தில் மேலிருந்து கீழ்வரை நிற்கும் தடித்த கோடாகக் கண்ணுக்குத் தெரியும். கடைசியாக, முடிவை ஒட்டிய ஒரு மிருதங்க அடி நான்கு மைக்கிலும் சேர்ந்து விழுகிறதா என்று பாருங்கள். குரல் ட்ராக்கில் மட்டும் அது முந்தி விழுந்தால், நடுவில் எங்கோ பைட்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அந்த இடத்தில் வெட்டி, பிற்பகுதியைத் தள்ளிவைக்க வேண்டும்.

பூஜ்யமான துண்டை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது. அது பல்லவியில் விழுந்திருந்தால் அதே வரியை வேறு சுற்றிலிருந்து எடுத்து ஒட்டலாம், மாரியம்மன் பாட்டுகளில் அதற்குப் பஞ்சமில்லை. சரணத்தில் நீட்டிப் பாடிய சொல்லின் நடுவில் விழுந்திருந்தால் பாடகரை அழைத்து அந்த வரியை மட்டும் மறுபடி பாடவைப்பதே நல்லது.

அடுத்த பதிவுக்கு முன் ரீப்பரின் `Preferences`இல் காப்புச் சேமிப்புப் பகுதிக்குச் சென்று, `when not recording` என்பதை `any time` என்று மாற்றி, தேதியும் நேரமும் கொண்ட பெயரில் தனிக் கோப்பாகச் சேமிக்கும் தேர்வையும் டிக் செய்துவிடுங்கள்.