போட்டோவில் எண்ணிய கண்ணியும் ஸ்வெட்டரின் அளவும்

"ஊட்டியில் படிக்கப்போகும் மகனுக்கு அக்ரிலிக் உல்லனில் ஸ்வெட்டர் பின்னப் போகிறேன். மாதிரித் துண்டு பின்னி, அதன் கீழே ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். நெஞ்சுச் சுற்று 92 செ.மீ. எத்தனை கண்ணி போட வேண்டும், எத்தனை வரிசை பின்ன வேண்டும்?" – வாசகி, மார்த்தாண்டம்

உங்கள் படத்திலிருந்து கண்ணிக் கணக்கை எடுக்கலாம். வரிசைக் கணக்கை எடுக்காதீர்கள். துண்டின் மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிடக் குறுகித் தெரிகிறது. போன் சாய்ந்திருந்தால்தான் இப்படி வரும். சாய்ந்த படத்தில் நீளவாக்கு அமுங்கிவிடும். ஸ்கேல் குறுக்காக மட்டும் இருப்பதால் எவ்வளவு அமுங்கியது என்று தெரியவும் வழியில்லை. ஸ்கேலின் 10 செ.மீ. நீளத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்து, அதை அப்படியே நிமிர்த்தி வைத்து எண்ணினால் 31 வரிசை வருகிறது. போன் 20 டிகிரி சாய்ந்திருந்தாலே உண்மையில் 29 இருக்கும் இடத்தில் 31 தெரியும். அதை நம்பிப் பின்னினால் உடம்புப் பகுதி இரண்டு செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும்.

ஆகவே இன்னொரு படம் வேண்டும். அதற்கு முன் துண்டை நனைத்து, இழுக்காமல் தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள். அக்ரிலிக்கும் முதல் நனைப்பில் தளரும். நம் மாவட்டத்தில் இரண்டு மழையும் உண்டு. ஈரக் காற்றில் மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். மழை நாளில் ஃபேனுக்கடியில் ஒரு முழு நாளாவது கிடக்கட்டும். பிறகு மேசையில் விரித்து, ஸ்கேலைத் துணியின் மேலேயே நெடுக்காக வையுங்கள். மேசையில் வைத்தால் ஸ்கேல் துணியைவிடச் சற்றுத் தாழ்ந்து, கேமராவுக்குத் தூரமாகிவிடும். கண்ணிகள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். போனைக் கிட்டே கொண்டுபோகாமல், நிமிர்ந்து நின்று நேர் மேலிருந்து ஜூம் செய்து எடுங்கள். படத்தில் ஸ்கேலின் 1–2 இடைவெளியும் 9–10 இடைவெளியும் சமமாக இருந்தால் அந்தப் படம் சரி.

எண்ணும்போது ஓரத்தில் சுருளும் மூன்று கண்ணிகளை விட்டுவிடுங்கள். முன்பக்கத்தில் தெரியும் ஒவ்வொரு 'V' வடிவமும் ஒரு கண்ணி. மேல்நோக்கி அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு வரிசை. அரைக் கண்ணியை வீசிவிடக் கூடாது. உங்கள் படத்தில் ஸ்கேலை ஒட்டிய வரிசையில் 10 செ.மீ.க்கு இருபத்தொன்றரைக் கண்ணி இருக்கிறது. அதை 22 என்று எடுத்தால் 100 செ.மீ. சுற்றில் 5 கண்ணி கூடும். ஸ்வெட்டர் இரண்டு செ.மீ.க்கு மேல் பெருக்கும்.

இனி கணக்கு. ஒரு செ.மீ.க்கு 2.15 கண்ணி. நேராக எடுத்த படத்தில் 10 செ.மீ.க்கு 29 வரிசை வந்ததாக, அதாவது செ.மீ.க்கு 2.9 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு எண் வந்தால் அதைப் போடுங்கள். சட்டைக்கு மேல் போடுவதால் 8 செ.மீ. தளர்வு சேர்த்தால் மொத்தச் சுற்று 100. முன்துண்டு 50, பின்துண்டு 50.

50 × 2.15 = 107.5

இதை 108 ஆக்கி, பக்கத் தையலுக்குள் போகும் 2 கண்ணியைச் சேர்த்தால் 110. இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப்புக்கு நான்கின் மடங்குடன் இரண்டு கூட வேண்டும். 110 அதற்கும் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் ஒன்றிரண்டு கண்ணி கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

அக்குள் வரை நீளம் 38 செ.மீ. என்றால், கீழ் ரிப்பின் 6 செ.மீ.யைக் கணக்கில் சேர்க்காமல் ஸ்கேலால் அளந்தே பின்னுங்கள். ரிப்பின் அளவு வேறு, மாதிரித் துண்டின் எண் அதற்கு ஒத்துவராது. மீதி 32 செ.மீ.

32 × 2.9 = 92.8

பின்பக்க வரிசையில் முடியும்படி இரட்டை எண்ணாக 92 எடுங்கள்.

ஸ்வெட்டரின் கைப்பகுதியில்தான் வரிசை எண் முக்கியம், ஏனெனில் கண்ணி கூட்டும் இடங்களை அதுவே தீர்மானிக்கிறது. மணிக்கட்டில் 22 செ.மீ., மேல்கையில் 36 செ.மீ. வேண்டுமென்றால், தையல் கண்ணி உட்பட 50 கண்ணியில் தொடங்கி 80க்குப் போக வேண்டும். கூட்ட வேண்டியது 30. ஒவ்வொரு முறையும் இரு ஓரத்திலும் ஒன்று கூட்டினால் 15 முறை. ரிப் போக 39 செ.மீ. நீளத்துக்கு 2.9 வீதம் 113.1, இரட்டை எண்ணாக 112 வரிசை. ஆறு வரிசைக்கு ஒருமுறை கூட்டினால் 90 வரிசையில் முடிந்துவிடும். மீதி 22 வரிசையை நேராகப் பின்னலாம்.

முன்துண்டோ பின்துண்டோ 15 செ.மீ. ஏறியதும் ஊசியிலிருந்தபடியே நடுவில் ஸ்கேல் வைத்து 10 செ.மீ. எண்ணிப் பாருங்கள். பெரிய துண்டில் கை தளர்ந்து, 110 கண்ணியில் சுற்று இரண்டு மூன்று செ.மீ. கூடுவது சகஜம். கண்ணி 21க்குக் கீழே போனால் கால் மி.மீ. சிறிய ஊசிக்கு மாற்றி, ரிப்புக்கு மேலிருந்து மறுபடி பின்னுங்கள்.