போனைப் பையில் வையுங்கள்: பறவைப் பாட்டு பற்றி வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாட்டு பற்றித்தான். கோடையில் அப்படித்தான் வரும். நம் குமரி மாவட்டத்தில் குண்டுக்கரிச்சான் ஆன்டெனா உச்சியில் உட்கார்ந்து ஊரை எழுப்பும் பருவம் இது. ஊர், நேரம், பறவையின் நிறம் எதுவும் எழுதாமல் “இது என்ன பறவை” என்று மட்டும் கேட்டவர்களின் கடிதங்களை வழக்கம்போல ஒதுக்கிவிட்டேன்.

காக்கைக் கூட்டில் பொரித்து, காக்கை ஊட்டி வளர்ந்த குயில் ஏன் “கா கா” என்று கத்துவதில்லை? (தக்கலை வாசகி)

நல்ல கேள்வி. குயில் பாட்டு கற்கும் பறவையே இல்லை. அதன் கூவல் பிறப்பிலேயே உள்ளது. செம்போத்து, புறா, மயில், கோழி எல்லாம் அந்த வகைதான். யாரும் சொல்லித்தர வேண்டாம். கேட்டுக் கற்பவை பாடும் பறவைகள், கிளிகள், தேன்சிட்டு போன்ற சின்ன அமெரிக்க ஹம்மிங்பேர்டுகள் ஆகிய மூன்று கூட்டம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், காக்கை பாடும் பறவை வரிசையைச் சேர்ந்தது, குயில் சேராது. கவிஞர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கூண்டில் வளர்க்கும் ஜீப்ரா ஃபின்ச் குருவி ஜோடி அடைகாக்காமல் விட்டதால் முட்டைகளை இன்னொரு கூண்டுக் குருவியான பெங்காலிஸ் ஜோடியிடம் வைத்தேன். குஞ்சு பிழைத்துவிட்டது. மூன்றரை மாதம் ஆகிறது. ஆண். ஆனால் பாட்டு ஜீப்ரா போல இல்லை. நோயா? (மார்த்தாண்டம்)

நோய் இல்லை. வளர்த்த அப்பாவின் பாட்டைப் பாடுகிறது, அவ்வளவுதான். 1960களிலேயே ஜெர்மனியில் இம்மல்மான் என்ற ஆய்வாளர் இதைச் செய்து பார்த்தார். பெங்காலிஸ் வளர்த்த ஜீப்ரா ஆண் குஞ்சுகள், அதே அறையில் வேறு ஜீப்ராக்கள் பாடுவது காதில் விழுந்தும், சோறூட்டியவரின் பாட்டையே எடுத்துக்கொண்டன.

உங்கள் பறவையின் நாட்களை எண்ணிப் பாருங்கள். சுமார் 20ஆம் நாளில் கூட்டைவிட்டு வெளியே வரும். 25 முதல் 65 நாள் வரை காது திறந்திருக்கும் காலம். கேட்டதை மனதில் பதித்துக்கொள்ளும். 35ஆம் நாள் வாக்கில் தானும் முனக ஆரம்பிக்கும். குழந்தையின் மழலை மாதிரி அர்த்தமில்லாத கலவை. பிறகு மனதில் உள்ள பாட்டோடு தன் குரலை ஒட்டிப் பார்த்து, திருத்தித் திருத்திப் பாடும். 90 நாள் வாக்கில் பாட்டு இறுகிவிடும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதே பாட்டு. உங்களுடையது 100 நாளைத் தாண்டிவிட்டது, இனி ஜீப்ரா ஆணைப் பக்கத்தில் வைத்துப் பயன் இல்லை.

அடுத்த முறை இப்படி நேர்ந்தால், குஞ்சு தானாகத் தினை கொத்தத் தொடங்கும் 35ஆம் நாளில் அதை வளர்ந்த ஜீப்ரா ஆண் இருக்கும் கூண்டுக்கு மாற்றுங்கள். அந்த வயதில் அப்பாவைவிட்டுப் பிரித்த குஞ்சுகள் புதிய வாத்தியாரின் பாட்டைக் கற்றன என்று பரிசோதனைகள் காட்டுகின்றன. 65 நாளில் பிரித்தவை பழைய பாட்டையே வைத்துக்கொண்டன. பெண் குஞ்சு பாடாது என்பதால் அதற்கு இது தேவையில்லை என்று நினைக்காதீர்கள். அப்பா பாட்டைக் கேட்டுத்தான் பின்னால் எந்த ஆண் பிடிக்கும் என்று முடிவு செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. அப்பாதான் வாத்தியார் என்பது ஜீப்ரா ஃபின்ச்சுக்கு. எல்லாப் பாடும் பறவைகளுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. பல இனங்களில் குஞ்சு வீட்டைவிட்டு வெளியேறி, குடியேறிய இடத்தின் அண்டை ஆண்களிடமிருந்தும் கற்கும்.

கரிச்சான் ஏன் விடியுமுன் கத்துகிறது? (ஊர் இல்லை)

எந்தக் கரிச்சான்? வால் பிளந்த கறுப்பா, கறுப்பு வெள்ளைக் குண்டா? இரண்டும் சீக்கிரம் எழும், ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். அடுத்த முறை நிறம், நேரம், இடம் மூன்றும் எழுதுங்கள்.

ரப்பர் வெட்டப் போகிறவன் நான். தலை லைட் மாட்டி நாலரைக்கு இறங்குவேன். சிரட்டை பாதி நிறையும் நேரம் தோட்டமே அலறுகிறது. ஆறரைக்கு அடங்கிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன அவசரம்? (குலசேகரம்)

உங்கள் அவசரத்துக்கு ஒரு காரணம் இருப்பது போல (குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும்), அதற்கும் உண்டு. ஒன்றல்ல, நான்கைந்து சேர்ந்து.

முதலில், அந்த வெளிச்சத்தில் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. இரை தேட முடியாத நேரத்தைப் பாட்டுக்குச் செலவழிப்பதில் நட்டம் இல்லை. அதோடு, இரவு எவ்வளவு குளிரும் என்று தெரியாததால் பறவை மாலையில் கொஞ்சம் கூடுதலாகத் தின்று கொழுப்பு சேர்த்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் விடியலில் பாட்டாகச் செலவாகும். முதல் நாள் பட்டினி கிடந்தவன் அவ்வளவு பாட மாட்டான். அதனால் பெண்ணுக்கும் பக்கத்து ஆணுக்கும் அந்தப் பாட்டே ஒரு செய்தி.

பக்கத்து ஆண் என்றதும் இன்னொன்று. இரவில் ஆந்தையோ பூனையோ ஒருவனை எடுத்துவிட்டால் அவன் இடம் காலியாகிறது. அதைப் பிடிக்க அலைகிற ஆண்கள் விடியலில்தான் வருகிறார்கள். “நான் இன்னும் இருக்கிறேன், இந்த விளை என்னுடையது” என்று முதல் வெளிச்சத்திலேயே சொல்லாதவனுக்கு ஆபத்து. முட்டையிடும் நாட்களில் பெண்ணைக் காவல் காக்கவும் அதே நேரம்தான். ஐரோப்பாவில் பெரிய பட்டாணிக்குருவி ஆண், பெண் பொந்திலிருந்து வெளியே வரும்வரை வாசலில் பாடி, அவள் வந்ததும் நிறுத்திவிடுவதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

“விடியலில் காற்றில்லாததால் சத்தம் இருபது மடங்கு தூரம் போகும்” என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அது பழைய கணக்கு. பின்னால் அளந்தபோது தூரத்தில் பெரிய லாபம் இல்லை என்றே வந்தது. லாபம் நிதானத்தில் உள்ளது. சில நேரம் தெளிவாக, சில நேரம் கலைந்து என்றில்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போய்ச் சேரும். யார் பாடுகிறார் என்று அடையாளம் கண்டுகொள்ள அதுதான் வேண்டும்.

கண் பெரிதான பறவை முதலில் தொடங்கும் என்பதையும் கவனியுங்கள். மங்கலிலேயே அதற்குப் பார்வை தெரிந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் இருக்கும் நமக்கு அரைகுறை வெளிச்சம் இருபது நிமிடம் போலத்தான். அதனால்தான் உங்கள் தோட்டத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் அலறுவது போல் கேட்கிறது. இங்கிலாந்தில் விடியல் நீளும், ஒவ்வொன்றாக வரும்.

தெரு விளக்கை எல்.இ.டி.யாக மாற்றிய பிறகு எங்கள் புளியமரத்தில் மூன்று மணிக்கே பாட்டு. (நாகர்கோவில்)

விளக்குதான். விளக்கு எரியும் இடத்தில் ஆண்கள் சீக்கிரம் தொடங்குவது பல ஊர்களில் பதிவாகியிருக்கிறது. மேல்பக்கம் சிந்தாமல் மறைப்பு போடச் சொல்லிக் கேளுங்கள்.

சேவலும் அப்பாவிடம் கற்கிறதா? (ஆரல்வாய்மொழி)

இல்லை. உள்ளே ஓடும் கடிகாரம் கூவச் சொல்கிறது. கூட்டத்தில் பெரியவன் முதலில் கூவுவான், மற்றவை வரிசையில் காத்திருக்கும்.

மரத்திலிருந்து விழுந்த குண்டுக்கரிச்சான் குஞ்சை வளர்க்கிறோம். பாட்டு வரட்டும் என்று போனில் அதன் பாட்டைக் காலை முதல் இரவு வரை ஓடவிடுகிறோம். இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. வேறு நல்ல ஒலிப்பதிவு எங்கே கிடைக்கும்? (கருங்கல்)

எங்கும் கிடைக்காது. இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதுவது?

முதலில் சட்டம். நம் நாட்டுக் காட்டுப் பறவையை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இரண்டாவது, அது “விழவில்லை”. இறகு முளைத்த குஞ்சுகள் நன்றாகப் பறக்கும் முன்பே கூட்டைவிட்டுக் குதிக்கும். பெற்றோர் பக்கத்திலேயே புழு வைத்துக்கொண்டு காத்திருக்கும். எடுத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகிப் போயிருந்தால் போதும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

இப்போது போன். ஜீப்ரா குஞ்சுகளைக் கூண்டில் தனியாக வைத்து, ஒலிபெருக்கியில் சும்மா ஓடவிட்டால் அவை சரியாகக் கற்பதில்லை. குஞ்சே ஒரு பொத்தானைக் கொத்தி பாட்டை வரவழைக்கும்படி செய்தால் கற்கிறது. அப்போதும் நாளுக்கு நாற்பது முறை, மொத்தம் அரை நிமிடம் போலக் கேட்டவை நன்றாகப் பாடின. அதிகமாகக் கேட்க வைத்தபோது பிரதி மோசமானது. அரை நிமிடம்! நீங்கள் பதினான்கு மணி நேரம் ஓடவிடுகிறீர்கள். குஞ்சுக்கு வேண்டியது முகம், அசைவு, பதிலுக்குப் பதில். போன் பதில் சொல்லாது.

அப்புறம் தூக்கம். இளம் ஜீப்ராக்களின் பாட்டு ஒவ்வொரு காலையும் முந்திய நாளைவிடக் கெட்டுப்போய் இருக்கும். விடிந்ததும் இடைவிடாமல் பாடிப் பாடித்தான் சரிசெய்துகொள்ளும். காலையில் அதிகமாகக் குலைந்தவையே கடைசியில் அப்பாவின் பாட்டை நன்றாகப் பிடித்தன என்று 2005இல் கண்டார்கள். அந்தக் காலைப் பயிற்சி நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது? போன். தன் குரலைத் தானே கேட்க விடாமல் வைத்துவிட்டு பாட்டு வரவில்லை என்கிறீர்கள்.

காட்டில் போனை வைத்துப் படம் எடுப்பவர்களும் இதில் சேர்த்தி. கீரிப்பாறையில் ஒரு காலை, ஒருவர் குண்டுக்கரிச்சான் பாட்டைப் போட்டுவிட்டு கேமராவோடு உட்கார்ந்திருந்தார். உள்ளூர் ஆண், எதிரி நுழைந்துவிட்டான் என்று நாற்பது நிமிடம் கிளைக்குக் கிளை தாவித் தேடியது. வாயில் இருந்த புழு கூட்டுக்குப் போகவே இல்லை. நான் சொன்னேன், அவர் சிரித்தார்.

வாத்தியார் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் ஹனிஈட்டர் என்ற பறவை இருக்கிறது. சில நூறுதான் மிச்சம். இளம் ஆண்களுக்குத் தம் இனத்தின் பெரியவர்களைக் கேட்கவே வாய்ப்பில்லை. 2021இல் வெளியான ஆய்வில், எட்டில் ஒரு ஆண் வேறு இனத்தின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு ஜோடி கிடைப்பதும் குறைவு. உங்கள் கருங்கல் குஞ்சையும் நாளை வெளியே விட்டால் அதே கதைதான் என்று பயப்படுகிறேன். இன்றே வனத்துறைக்கு அழைத்து ஒப்படையுங்கள். அதுவரை போனை அணைத்து, சன்னலைத் திறந்து, வெளியே பாடும் குண்டுக்கரிச்சானைக் கேட்க விடுங்கள்.

காளிகேசம் ஓடையில் விடியலில் யாரோ தாளம் தப்பிய விசில் அடிக்கிறார்கள். ஆளைக் காணோம். (பூதப்பாண்டி)

சீகாரப் பூங்குருவி. கருநீலம், நெற்றியில் பளபளப்பு, மழைக்காலத்தில்தான் அதிகம் பாடும். பதிலுக்கு விசில் அடிக்காதீர்கள், போனும் வேண்டாம். எந்த மாதம், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.