ஃபேமிலி எடுத்தால் 6 டிபி மொத்தமாகக் கிடைக்குமா? மைக்ரோசாஃப்ட் 365 கேள்வி பதில்

திருமங்கலத்து வாசகர்: அண்ணே, வருஷா வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதை நானே வீடியோ எடுத்து வைக்கிறேன், தொழிலுக்கு இல்லை, ஆசைக்குத்தான். இப்போது ஒன்றரை டிபி ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் பெர்சனல் திட்டம் என்றால் 1 டிபி, ஃபேமிலி திட்டம் என்றால் 6 டிபி இணைய இடம் என்கிறார்கள். வீட்டில் நானும் மனைவியும்தான். ஃபேமிலி எடுத்து ஆறையும் நானே வைத்துக்கொள்ளலாமா?

முடியாது தம்பி. அந்த 6 டிபி ஒரே பெட்டி இல்லை, ஆளுக்கு 1 டிபி வீதம் ஆறு தனித்தனிப் பெட்டி. பணம் கட்டும் நீங்கள் ஒருவர், நீங்கள் அழைக்கும் ஐந்து பேர், அவ்வளவுதான். மனைவி பெட்டியில் 900 ஜிபி காலியாகக் கிடந்தாலும் அது உங்கள் கணக்கோடு வந்து சேராது. ஆளே சேர்க்காமல் ஃபேமிலி வாங்கினால் உங்களிடம் இருப்பது பெர்சனலில் கிடைக்கும் அதே 1 டிபிதான், விலை மட்டும் கூடுதல்.

ஆனால் உங்கள் விஷயத்துக்கு வழி இருக்கிறது. இந்த இணையப் பெட்டிக்குப் பெயர் ஒன்டிரைவ். அதில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் அது பிடிக்கும் இடம் ஃபோல்டரின் சொந்தக்காரர் கணக்கில்தான் விழும், பார்ப்பவர் கணக்கில் விழாது. அதனால் பழைய வருஷங்களின் 500 ஜிபியை மனைவியின் கணக்கில் ஏற்றி, அந்த ஃபோல்டரை உங்களுக்குத் திருத்தும் அனுமதியோடு பகிரச் சொல்லுங்கள். உங்கள் 1 டிபியில் புதியது மட்டும் இருக்கும். ஒன்றரை டிபியை அப்படி இரண்டாகப் பிரித்தால் உங்கள் பெட்டி விளிம்பு வரை நிரம்பிவிடும் என்பதால் 700, 800 ஜிபியாகவே அந்தப் பக்கம் தள்ளிவிடுவது நல்லது, அடுத்த சித்திரைக்கு இடம் வேண்டுமே.

ஏற்றும்போது ஒன்று கவனியுங்கள். விண்டோஸில் ஒரு பயனருக்கு ஒரே ஒரு தனிநபர் ஒன்டிரைவைத்தான் இணைக்க முடியும். உங்கள் லாகினிலேயே மனைவி கணக்கையும் சேர்க்கப் பார்த்தால் விடாது. பிரவுசர் வழியாகப் பெரிய வீடியோக்களை ஏற்றினால் பாதியில் அறுந்து உயிரை வாங்கும். அதே கம்ப்யூட்டரில் மனைவி பெயரில் தனி விண்டோஸ் லாகின் போட்டு, அதில் ஒன்டிரைவை இணைத்து, ஃபைல்களை அங்கே வைத்துவிட்டு விடுங்கள். அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்லோட் வேகம் நிஜமாகவே 20 எம்பிபிஎஸ் கிடைத்தால் 500 ஜிபி ஏற ஐம்பத்தைந்து மணி நேரம், அதாவது இரண்டு நாளைத் தாண்டும். ராத்திரி கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாமல் செட்டிங்கை மாற்றிவிட்டுப் படுங்கள்.

எல்லாம் ஏறியதும் ஹார்ட் டிஸ்கை அழித்துவிடாதீர்கள். இணைத்த ஃபோல்டரில் ஒரு ஃபைலை அழித்தால் ஒன்டிரைவில் உள்ளதும் போய்விடும், ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரைதான் இருக்கும். திரும்ப எடுக்கவே முடியாத வீடியோ இது. ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும்.

அண்ணா நகர் வாசகர்: இதில் என்ன புதுசு, கூகுள் ஒன் மாதிரிதானே? அதிலும் குடும்பத்தில் ஐந்து பேரைச் சேர்க்கலாம், இடத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஐந்து பேரைச் சேர்க்கலாம் என்றவரை சரி. மற்றது அப்படியே நேரெதிர். கூகுள் ஒன்னில் நீங்கள் வாங்கிய இடம் பொதுவானது, பையன் போனில் எடுத்ததெல்லாம் ஏறினால் அப்பாவுக்கு மிச்சம் இருக்காது. மைக்ரோசாஃப்டில் ஒருவர் இடத்தை இன்னொருவர் தின்ன முடியாது, கடனாகக் கொடுக்கவும் முடியாது. வீட்டில் ஒருவரிடம் மட்டும் மலை போல ஃபைல் இருந்தால் கூகுள் முறை லாபம், நாலு பேரிடமும் நடுத்தரமாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் முறை நிம்மதி. அப்புறம், ஒருவர் ஃபைலை மற்றவர் பார்க்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். நாமாகப் பகிர்ந்தால் ஒழிய இரண்டிலும் முடியாது.

மேலூர் ஆசிரியை: சார், நான் ஒருத்திதான். மார்க் லிஸ்ட் எக்ஸலில் வைத்து, வேர்டில் மெயில் மெர்ஜ் போட்டுப் பெற்றோருக்குக் கடிதம் எடுப்பேன். பிரவுசரில் இலவசமாகவே எல்லாம் கிடைக்கும் என்று கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார். எங்கள் ஊரில் நெட் அடிக்கடி போகும். லேப்டாப் வாங்கும்போது லைஃப்டைம் ஆபிஸ் இருக்கிறது என்றும் கடைக்காரர் சொன்னார்.

டீச்சர், உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரிதான். மார்க் லிஸ்ட் போடுவது, கூட்டல், சராசரி, வரிசைப்படுத்துவது எல்லாம் பிரவுசர் எக்ஸலிலேயே நன்றாக வரும். ஆனால் உங்களுக்கு வேண்டியது மெயில் மெர்ஜ், அது பிரவுசர் வேர்டில் கிடையாது. மேக்ரோ எழுதிய எக்ஸல் ஃபைலாக இருந்தால் பிரவுசரில் திறக்கும், ஆனால் மேக்ரோ ஓடாது. நெட் போனால் வேலையும் அங்கேயே நிற்கும். அதனால் உங்களுக்கு டெஸ்க்டாப் ஆப் வேண்டும்.

ஆனால் காசு கட்டுவதற்கு முன்னால் லேப்டாப்பில் வேர்டைத் திறந்து File, பிறகு Account போய்ப் பாருங்கள். Office Home & Student 2021 என்று இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே முழு டெஸ்க்டாப் ஆபிஸ் இருக்கிறது, மெயில் மெர்ஜ் அதிலேயே உண்டு, பெர்சனல் வாங்க வேண்டியதில்லை. அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், மேக இடமும் இலவசக் கணக்கின் 5 ஜிபிதான். 2021 பதிப்புக்கான பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 அன்று முடிகிறது. அதற்கப்புறமும் அது திறக்கும், ஓடும், ஆனால் புதிதாக வரும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். Microsoft 365 என்று இருந்தால் அது சந்தா, கடைக்காரர் சொன்ன லைஃப்டைம் அது இல்லை.

அதே ஆசிரியை: பார்த்தேன் சார், 2021 தான் இருக்கிறது, நன்றி. ஆனால் ஒன்டிரைவ் நிரம்பிவிட்டது, காசு கட்டு என்று தினமும் வருகிறது. நான் அதில் எதையுமே வைத்ததில்லை.

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்திருக்கும். லேப்டாப்பை முதன்முதலில் தொடங்கும்போது Desktop, Documents, Pictures மூன்றையும் ஒன்டிரைவுக்கு பேக்கப் எடுக்கவா என்று கேட்டிருக்கும், அப்போது சம்மதித்திருப்பீர்கள். 5 ஜிபி நிரம்பப் பள்ளி ஆண்டு விழா போட்டோவே போதும். கடிகாரம் பக்கத்தில் உள்ள மேகப் படத்தை அழுத்தி, செட்டிங்கில் Manage backup போய் அந்த மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், அங்கிருந்து வெட்டி உங்கள் சொந்த ஃபோல்டருக்கு மாற்றுங்கள். அதற்கு முன்னால் அங்கே எதையும் அழிக்காதீர்கள். மாற்றி முடித்ததும் அந்த அறிவிப்பு தானாக நின்றுவிடும்.

உசிலம்பட்டி வாசகர்: பெர்சனலிலேயே 5 டிவைஸ் என்று போட்டிருக்கிறதே. நாங்கள் மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் ஒரு வருஷமாக ஓட்டுகிறோம். எதற்கு ஃபேமிலி?

அந்த ஐந்து என்பது ஒரே ஆள் ஒரே சமயத்தில் லாகின் செய்து வைக்கக்கூடிய கருவிகள்: வீட்டுக் கம்ப்யூட்டர், லேப்டாப், போன், டேப். ஐந்து ஆள் என்று அர்த்தமில்லை. ஃபேமிலியில் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து கருவி உண்டு. மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் இருந்தால் 1 டிபியும் பொது, மெயிலும் பொது. தங்கச்சி இடம் காலி செய்வதாக நினைத்து அழிப்பது உங்கள் பத்திரத்தின் ஸ்கேனாக இருக்கலாம். லாகின் சரிபார்க்கும் எண்ணும் ஒருவர் போனுக்குத்தான் வரும். இரண்டு பெர்சனலின் விலையை விட ஒரு ஃபேமிலி குறைவு, மூன்று பேர் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை.

தெற்குமாசி வீதி ஜவுளிக்கடைக்காரர்: கடையில் ஐந்து பேர். ஒரு ஃபேமிலி போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம் ஐயா. பெர்சனலும் ஃபேமிலியும் சொந்த உபயோகத்துக்கு, வியாபாரத்துக்கு அல்ல என்று விதிமுறையிலேயே இருக்கிறது. அதை விடுங்கள், நடைமுறையில் உங்களுக்கு வரும் ஆபத்து வேறு. ஃபேமிலியில் சேர்த்த ஆளின் கணக்கு அவருடைய சொந்தக் கணக்கு. பில் போடும் பையன் வேலையை விட்டுப் போனால் ஸ்டாக் ஷீட்டும் அவனோடு போகும், நீங்கள் உள்ளே நுழைந்து எடுக்க முடியாது. பிசினஸ் திட்டத்தில் கணக்கு கடையின் கையில் இருக்கும், ஆள் போனாலும் ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். அதில் பேசிக் என்பது பிரவுசரும் போனும் மட்டும், ஸ்டாண்டர்டில் டெஸ்க்டாப் ஆப்பும் உண்டு. இரண்டையும் கலந்து வாங்கலாம். கணக்கு எழுதுபவருக்கு ஸ்டாண்டர்டு, மற்ற நாலு பேருக்கும் பேசிக் போதும்.

விளாங்குடி வாசகர்: பையன் சென்னையில் ஹாஸ்டலில், மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இருவரையும் சேர்க்கலாமா? இன்னொன்று, பையனுக்கு அழைப்பு அனுப்பியும் அவன் வேர்டில் Unlicensed Product என்றே நிற்கிறது.

இரண்டாவதை முதலில் முடிப்போம். அவன் காலேஜ் கணக்கில் உள்ளே இருப்பான், ஃபேமிலி அழைப்பைக் காலேஜ் கணக்கு ஏற்காது. சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த பிரவுசரில் அந்த லிங்கைத் திறந்து ஏற்கட்டும். பிறகு வேர்டில் File, Account போய் வெளியேறி அதே கணக்கில் மறுபடி நுழையட்டும். Belongs to என்ற இடத்தில் அவன் மெயில் தெரிந்தால் சரியாகிவிட்டது.

மகள் விஷயம். விதிமுறை சொல்வது ஒரே வீட்டில் உள்ளவர்கள் என்று. ஹாஸ்டல் பையன் உங்கள் வீட்டுப் பிள்ளைதான். தனிக் குடித்தனம் போன மகளை, எழுத்துப்படி பார்த்தால், சேர்க்க முடியாது என்பதே என் எண்ணம்.

அண்ணா நகர் வாசகர்: கட்டிக்கொடுத்தால் மகள் இல்லையென்று ஆகிவிடுமா? நான் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

அந்த உணர்வு எனக்கும் புரிகிறது. சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். ஆனால் சேர்த்தவர்கள் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: அப்பா சந்தாவை நிறுத்தினால் மகளின் பெட்டியும் 5 ஜிபிக்குத் திரும்பும். அதில் 300 ஜிபி இருந்தால் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், புதிதாக எதுவும் ஏற்ற முடியாது. டெஸ்க்டாப் வேர்டில் திறந்து பார்க்கவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும் விடும், திருத்த விடாது. அந்தக் கணக்கின் அவுட்லுக் மெயிலும் நின்றுபோகலாம். அப்படியே ஆறு மாதத்துக்கு மேல் விட்டுவைத்தால் ஃபைல்களை அழிக்கும் உரிமை மைக்ரோசாஃப்டுக்கு உண்டு. எனவே நிறுத்தப் போகிறீர்கள் என்றால் முதலில் மகளுக்குப் போன் போடுங்கள், அவர் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் இறக்கி முடித்தேன் என்று சொன்ன பிறகு ரத்து செய்யுங்கள்.