ரெக்ரூட்டரிடம் மீண்டும் கேட்க வேண்டிய நாளை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: பல ரெக்ரூட்டர்களிடம் ஒரே சமயத்தில் பேசுகிறேன். யாரிடம் எப்போது மறுபடி கேட்பது என்று எப்படிக் குறித்து வைப்பது?

ஓர் உரையாடலுக்கு ஒரு வரி என்ற எளிய அட்டவணை போதும்: நிறுவனம், பேசிய நாள், அவர் சொன்ன கெடு, மீண்டும் கேட்கும் நாள். மீண்டும் கேட்கும் நாளைப் பேசிய தேதியிலிருந்து எண்ணாமல் கெடுவிலிருந்து எண்ண வேண்டும். ஏனெனில் முடிவு பெரும்பாலும் ரெக்ரூட்டரிடம் இல்லை, நேர்காணல் நடத்திய மேலாளரிடம் இருக்கிறது. தையற்காரர் சொன்ன நாளுக்கு முன்பே கடைக்குப் போனால் துணி வெட்டப்படாமலே கிடக்கும், அல்லவா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாக அவர் கூறியிருந்தால், இரண்டாவது வேலை நாளான செவ்வாய்க்கிழமை எழுதலாம். எக்செல் அட்டவணையில் கெடு C2 கட்டத்தில் இருந்தால், சனி ஞாயிறை விட்டு இச்சூத்திரம் கணக்கிடும்:

```
=WORKDAY(C2,2)
```

கெடுவே சொல்லாதவருக்கு, பேசிய நாளிலிருந்து ஐந்து வேலை நாள் என்பது என் வழக்கம்.

பதில் வராததை நிராகரிப்பு என்று எண்ணிப் பலர் அந்த வரியையே அழித்துவிடுகிறார்கள். இரண்டு நினைவூட்டலுக்குப் பின் ‘நிறுத்தம்’ என்று குறித்தால் போதும், அதே ரெக்ரூட்டர் வேறொரு பணியிடத்துக்காகப் பின்னர் அழைக்கக்கூடும்.