தொட்டிலும் ஆறு மாதத் தவணையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 37, மனைவிக்கு 34. மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இரண்டாவது குழந்தை வேண்டும் என்பது என் ஆசை. அவள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். பேச்சை எடுத்த பத்தாவது நிமிடம் சண்டை. போன வாரம், தொட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். “உனக்கு உன்னைப் பற்றி மட்டும்தான் கவலை” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேசுகிறோம். மகள் தனியாக வளர்வாளே என்ற கவலையும் விடவில்லை. புண்படுத்தாமல் இதை எப்படிப் பேசுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் வேலையாக அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். அதே மூச்சில் குழந்தைப் பேச்சு வேண்டாம். “நான் சொன்னது தப்பு, ஆனா நீயும் கொஞ்சம் யோசிக்கணும்” என்றால் கேட்ட மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். “நான் சொன்னது தப்பு” என்பதோடு நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

கணவன் மனைவிக்குள் வரும் பெரும்பாலான தகராறுகளில் பாதி வழியில் சந்திக்க ஓர் இடம் இருக்கும். இதில் கிடையாது, அரைக் குழந்தை பெற முடியாது. அதனால்தான் வாயைத் திறந்ததுமே இருவரும் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். இந்தப் பேச்சை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, புரிந்துகொள்ள. இன்னொன்று, முடிவெடுக்க. இரண்டும் ஒரே நாளில் வேண்டாம்.

முதல் பேச்சுக்குப் பகலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மகளைத் தூங்கவைத்துவிட்டுக் களைத்துப் படுத்திருக்கும்போதோ, நெருக்கமாக இருக்கும் நேரத்திலோ எடுக்கவே கூடாது. அன்றைக்கு அவர் மட்டும் சொல்லட்டும். நீங்கள் கேள்வி கேட்கலாம், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று பார்க்கலாம். பதில் வாதம் மட்டும் கூடாது. இன்னொரு நாள் இதே முறையில் உங்கள் முறை.

இதில் தெரிய வேண்டியது, அவருடைய “வேண்டாம்” எதை வேண்டாம் என்கிறது என்பது. கர்ப்பத்தையா, பிரசவத்தையா, தூக்கமில்லாத முதல் வருடத்தையா, வேலையில் மறுபடி பின்தங்குவதையா, பணக் கஷ்டத்தையா? அல்லது ஒரு குழந்தையோடு மனம் நிறைந்துவிட்டதா? இவற்றில் சிலவற்றை மாற்ற முடியும். கடைசியாகச் சொன்னதை மாற்ற முடியாது, மாற்றப் பார்க்கவும் கூடாது.

உதாரணத்துக்கு, “முதல் வருஷத்தை நினைச்சாலே பயமா இருக்கு” என்கிறார் என்று வையுங்கள். “எல்லாருக்கும் அப்படித்தான், போகப்போகச் சரியாயிடும்” என்று ஆறுதலாகச் சொல்லத் தோன்றும். அவர் காதில் அது “நீ பட்டது ஒரு பெரிய விஷயமே இல்லை” என்றுதான் விழும். “எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்தது?” என்று கேளுங்கள். “ராத்திரி ரெண்டு மணி. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க” என்று பதில் வரலாம். “காலையில எனக்கு வேலை இருந்ததே” என்று நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிவிட்டு, “அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?” என்று கேட்டால் பேச்சு தொடரும். பிரசவத்துக்குப் பின் வாரக்கணக்கில் நீடித்த சோர்வோ அழுகையோ இருந்தது என்று சொன்னால் அதைத் தனியாகக் கவனியுங்கள். ஒருமுறை பிரசவகால மனச்சோர்வு வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு கூடுதல். அவர் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. முடிவுக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

குரல் உயர்ந்து, நெஞ்சு படபடத்து, ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். தம்பதிகளின் சண்டைகளை நீண்ட காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், உடல் அடங்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும் என்கிறார். அந்த இருபது நிமிடத்தில் அடுத்த வாதத்தை மனதுக்குள் தயாரித்தால் படபடப்பு அடங்காது. எழுந்துபோகும்போது எப்போது திரும்புவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாமல் போவது, கதவைச் சாத்திவிட்டுப் போவது போலத்தான்.

உங்கள் முறை வரும்போது மகளை முன்னே நிறுத்தாதீர்கள். டோனி ஃபால்போவும் டெனிஸ் போலிட்டும் ஒற்றைக் குழந்தைகளைப் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 1986இல் எழுதினார்கள். குணத்திலும் பிறரோடு பழகுவதிலும் அவர்கள் மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்தவர்களாக இல்லை என்பதே அதன் முடிவு. தவிர, இன்றைக்கே சம்மதம் கிடைத்தாலும் உங்கள் மகளுக்கு ஐந்து வயதாகும்போதுதான் குழந்தை வரும். விளையாட்டுத் துணையாக அது வளர இன்னும் சில வருடம் பிடிக்கும். “எனக்கு இன்னொரு குழந்தையை வளர்க்க ஆசையா இருக்கு” என்று சொல்லுங்கள். “பாப்பாவுக்காக” என்றால் மறுக்கிற அம்மா குற்றவாளியாகிவிடுகிறார். “எனக்கு” என்றால் அவர் உங்கள் ஆசையைத்தான் கேட்கிறார். “தம்பிப் பாப்பா வேணுமா?” என்று மகளிடம் கேட்டு அவளைத் தூதுவிடுவது அதைவிட மோசம். அவள் “வேணும்” என்றுதான் சொல்வாள்.

வேலைச்சுமைதான் காரணம் என்று தெரியவந்தால் “இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன்” என்ற வாக்குறுதி எடுபடாது. இப்போதிருக்கும் வேலையில் செய்துகாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு மகளின் காலை நேரம் முழுக்க உங்களுடையது. எழுப்புவது, குளிப்பாட்டுவது, பள்ளிக்குக் கிளப்புவது மட்டுமல்ல. காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுப்பதும், காலணி சிறிதாகிவிட்டதைக் கவனிப்பதும் அதில் சேரும். அவர் நினைவூட்டிய பிறகு செய்தால் பாதிச் சுமை இன்னும் அவர் தலையில்தான். இவ்வளவும் செய்த பிறகும் அவர் “வேண்டாம்” என்றால் “இவ்வளவு செஞ்சேனே” என்று கணக்கு நீட்டக் கூடாது. நீட்டத் தோன்றும் என்றால் தொடங்காமலே இருங்கள்.

முடிவெடுக்கும் பேச்சுக்கு இருவரும் சேர்ந்து ஒரு தேதி குறியுங்கள். கருத்தரிக்கும் திறன் பெண்களுக்கு 32 வயதை ஒட்டி மெல்லக் குறையத் தொடங்குகிறது, 37க்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. அவருடைய 34இல் ஆறு மாதத் தவணை பெரிய இழப்பில்லை. ஆனால் “அப்புறம் பார்க்கலாம்” என்றே நான்கு வருடம் ஓட்டினால் அதுவே முடிவாகிவிடும். குறித்த தேதிவரை வீட்டில் இந்தப் பேச்சு இல்லை. இரண்டு பக்கத்துப் பெற்றோரிடமும் புகார் இல்லை. தொட்டிலைக் கொடுக்கவும் வேண்டாம், கண்ணில் படும்படி வைக்கவும் வேண்டாம். கருத்தடைக்கு என்ன வழி என்பதை மட்டும் இருவரும் வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “நடந்தா நடக்கட்டும்” என்று விடுவது சம்மதமில்லாதவரை மாட்டிவிடுவதுதான்.

அந்தத் தேதியில் “சரி, உங்க இஷ்டம்” என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். களைத்துப்போனவர்கள் சொல்லும் பதில் அது. பிள்ளை பிறந்த பிறகு ஒவ்வொரு தூக்கமில்லாத இரவிலும் “நீங்கதானே கேட்டீங்க” என்று அது திரும்பி வரும். சம்மதம் என்றால் அவரே “எப்போ, எப்படி” என்று கேட்கத் தொடங்குவார்.

“வேண்டாம்” என்றே நின்றால் அதுதான் முடிவு. சுமப்பது அவர் உடல். உங்களுக்கு அது இழப்புதான், வருத்தப்பட உங்களுக்கு உரிமை உண்டு. “எனக்கு வருத்தமா இருக்கு, நீ எதுவும் செய்ய வேண்டாம்” என்று அவரிடமே சொல்லலாம். மௌனமாகவும் குத்தலாகவும் காட்டினால் முடிவு மாறாது, வீடுதான் மாறும். மாதங்கள் கழிந்தும் கசப்பு குறையவில்லை என்றால் தம்பதி ஆலோசகரிடம் போங்கள். முதல் சந்திப்பை ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியாதது சில இருக்கும்.